முதலில் வலி, அப்புறம் வாந்தி: குழந்தையின் வயிற்றுவலி அப்பெண்டிக்ஸா என்று எப்படிச் சந்தேகிப்பது?

விடிகாலை ஐந்தரை மணிக்கு அக்கா போன் செய்தாள். அவள் மகனுக்கு ஒன்பது வயது. முந்தின நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து வயிறு வலிக்கிறது என்று படுத்தவன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். "அத்தை ஓமத்தண்ணி குடுத்தாங்க, கேக்கல. குடல் ஏறியிருக்கும், எண்ணெய் போட்டு நீவிவிடலாம்னு சொல்றாங்க. நீ என்னடி சொல்றே?" என்று கேட்டாள்.

குழந்தைகள் அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸாகப் பல வருடங்கள் வேலை பார்த்ததில், இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. வயிற்றுவலி இல்லாமல் வளர்ந்த குழந்தை எந்த வீட்டிலும் கிடையாது. நூறு தடவை வலித்தால் தொண்ணூற்று சொச்சம் தடவை அது மலச்சிக்கலாகவோ, ஒத்துக்கொள்ளாத சாப்பாடாகவோ, வைரஸ் காய்ச்சலோடு வந்ததாகவோ இருந்து, தானாகப் போய்விடும். மிச்சம் இருக்கும் அந்தச் சில தடவைகளில்தான் குடல்வால் அழற்சி, நாம் அப்பெண்டிக்ஸ் என்று சொல்கிறோமே அது, ஒளிந்திருக்கிறது. சாதாரண வலியிலிருந்து அதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

பெற்றோர் எல்லோரும் முதலில் கேட்பது "ரொம்ப வலிக்குதா?" என்றுதான். இந்தக் கேள்வியால் பெரிய உபயோகம் இல்லை. மலச்சிக்கலில் குழந்தை உருண்டு புரண்டு கத்தும். அப்பெண்டிக்ஸ் வீங்கிக்கொண்டிருக்கும் குழந்தையோ பல சமயம் சத்தமே இல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும். அதனால் நான் அக்காவிடம் வேறு சில கேள்விகள் கேட்டேன். முதலில் வலித்ததா, வாந்தி வந்ததா? முதலில் எங்கே வலித்தது, இப்போது எங்கே வலிக்கிறது? ஆரம்பித்து எத்தனை மணி நேரம் ஆகிறது? கட்டிலை விட்டு எப்படி இறங்குகிறான்?

அவள் சொன்னதை வரிசையாக எழுதினால் இப்படி வரும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொப்புளைச் சுற்றி வலி. பிடித்துப் பிடித்து விடுகிற மாதிரி ஒரு மந்தமான வலி. ராத்திரி எட்டு மணிக்கு அவனுக்கு ரொம்பப் பிடித்த முட்டை தோசையை வைத்தபோது தட்டைத் தள்ளிவிட்டான். ஒன்பதரைக்கு ஒரு தடவை வாந்தி, பதினொரு மணிக்கு இன்னொரு தடவை. பேதி இல்லை. ராத்திரி இரண்டு மணி வாக்கில் வலி கீழே இறங்கி வலது பக்கம் போய் நின்றுவிட்டது. காய்ச்சல் பார்த்தாள், 99.8 டிகிரி. "இது காய்ச்சலே இல்லையே" என்றாள். இப்போது வலது முட்டியை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருக்கிறான், பாத்ரூமுக்குப் போகும்போது கிழவன் மாதிரிக் குனிந்து போகிறான் என்றாள்.

"எண்ணெயும் வேண்டாம், நீவவும் வேண்டாம். வாயில எதுவும் குடுக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொன்னேன். அவள் சொன்னதில் எது என்னை அப்படிச் சொல்ல வைத்தது என்பதை விளக்கினால், மற்றவர்களுக்கும் பயன்படும்.

சிறுகுடல் போய்ப் பெருங்குடலில் சேரும் இடம் வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் இருக்கிறது. அங்கே பெருங்குடலின் அடியிலிருந்து, ஒரு முனை மூடிய சின்னக் குழாயாகத் தொங்குவதுதான் குடல்வால். அதன் வாய் அடைபட்டுப் போவதில்தான் தொல்லை பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. கெட்டிப்பட்ட ஒரு சின்ன மலத்துணுக்கு அடைக்கலாம். குழந்தைகளிடம் இன்னொரு காரணமும் உண்டு. குடல்வாலின் சுவரில் டான்சில் போன்ற நிணநீர்த் திசு நிறைய இருக்கிறது. சளி, வயிற்றுப்போக்கு மாதிரி ஏதாவது தொற்று வரும்போது அது வீங்கி வழியை அடைத்துவிடும். வெளியே போக வழியில்லாமல் உள்ளே கோழை சுரந்துகொண்டே இருக்கும். குழாய் உப்பும், உள்ளே கிருமிகள் பெருகும், உப்பிய சுவருக்கு ரத்த ஓட்டம் குறையும், அப்புறம் சுவர் அழுக ஆரம்பிக்கும்.

குழாய் உப்பும் கட்டத்தில் வலி தொப்புளில்தான் தெரியும். நோய் வலது பக்கம் இருக்க, வலி நடுவில் ஏன் தெரிகிறது என்றால், குடலுக்குள் இருக்கும் நரம்புகளுக்கு இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாது. குடல்வாலிலிருந்து போகும் நரம்புகள் தண்டுவடத்தில் எந்த மட்டத்தில் சேர்கின்றனவோ, தொப்புளைச் சுற்றியுள்ள தோலிலிருந்து வரும் நரம்பும் அதே மட்டத்தில்தான் சேர்கிறது. மூளை குழம்பிப்போய், வலி தொப்புளில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. குடல்வாலின் வெளிச்சுவர் வரைக்கும் புண்ணாகி, அது வயிற்றின் உட்பக்கத்தில் இருக்கும் மெல்லிய சவ்வைத் தொட ஆரம்பித்ததும் நிலைமை மாறுகிறது. அந்தச் சவ்வின் நரம்புகள் இடத்தைச் சரியாகச் சொல்லும். அதனால்தான் வலி வலது கீழ்ப்பக்கம் இறங்கி, அங்கேயே குத்தி நிற்கிறது. வலி இடம் மாறியது என்று ஒரு குழந்தை சொன்னால், அழற்சி உள்ளேயிருந்து வெளிச்சுவருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இடுப்பின் முன்பக்கம் துருத்தியிருக்கும் எலும்பிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும் இடம்தான் பெரும்பாலும் அதிகம் வலிக்கும். 1889இல் நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் மெக்பர்னி என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் எழுதிவைத்ததால், இன்றும் அது மெக்பர்னி புள்ளி என்றே சொல்லப்படுகிறது.

அக்காவிடம் வாந்தியைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் இதே வரிசைதான். அப்பெண்டிக்ஸில் முதலில் வலி வரும். அதற்குச் சில மணி நேரம் கழித்துப் பசி போகும், குமட்டும், ஓரிரு தடவை வாந்தி வரும். காய்ச்சல் அதற்கும் அப்புறம்தான் எட்டிப் பார்க்கும். வயிற்றுப்போக்குத் தொற்றில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கும். முதலில் வாந்தி, கூடவே தண்ணீராகப் பேதி, வலி பின்னால் வரும். பேதியாகிவிட்டால் வலி கொஞ்ச நேரம் குறையும், மறுபடி பிடிக்கும். இடையிடையே குழந்தை எழுந்து விளையாடக்கூடச் செய்யும். அப்பெண்டிக்ஸ் வலிக்கு அந்த இடைவெளி இல்லை. மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும். எந்த நோயிலும் இந்த வரிசை நூற்றுக்கு நூறு பொருந்தாது என்பது உண்மைதான். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய தகவல்களில் இவ்வளவு உபயோகமானது வேறு இல்லை. அதனால், வலி ஆரம்பித்த நேரத்தையும் முதல் வாந்தி வந்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். ராத்திரி முழுக்கத் தூங்காத அம்மாவிடம் காலையில் டாக்டர் கேட்கும்போது எல்லாம் கலங்கலாகத்தான் ஞாபகம் வரும்.

பசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "பசிக்குதா?" என்று கேட்டால் உடம்பு சரியில்லாத எந்தக் குழந்தையும் இல்லை என்றுதான் சொல்லும். அவனுக்கு உயிரான ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கவனிக்க வேண்டும். கேட்டுப் பார்த்தால் மட்டும் போதும், சாப்பிடக் கொடுத்துவிட வேண்டாம்.

அடுத்தது அசைவு. அழற்சி அந்த உட்சவ்வைத் தொட்டுவிட்ட பிறகு, வயிறு குலுங்குகிற ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று வலிக்கும். அதனால் குழந்தை குலுங்காமல் பார்த்துக்கொள்ளும். மெதுவாக, வலது பக்கம் கையை வைத்துக்கொண்டு, முன்பக்கம் குனிந்து நடக்கும். இருமல் வந்தால் அடக்கும். கட்டிலில் ஏறச் சொன்னால் காலைத் தூக்கி வைக்காமல் உடம்பைச் சரித்து ஏறும். அக்காவிடம் போனைக் கீழே வைக்காமலே அவனை எழுப்பி நிறுத்தச் சொன்னேன். ஒரு தடவை இருமச் சொல் என்றேன். இருமினான், கை நேராக வலது அடிவயிற்றுக்குப் போனது. ஒரே ஒரு தடவை குதிக்கச் சொல் என்றேன். "முடியாதுன்னு தலையாட்டுறான்டி" என்றாள். நல்ல குறும்புக்காரன், சும்மா நிற்கச் சொன்னாலே குதிக்கிறவன். அந்தத் தலையாட்டலுக்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. மறுக்கிற குழந்தையை வற்புறுத்திக் குதிக்க வைக்கவும் கூடாது.

ஆட்டோவில் போகும்போது என்ன நடந்தது என்று அக்கா அப்புறம் சொன்னாள். அவர்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை உண்டு. வண்டி அதில் ஏறி இறங்கியபோது பையன் "அம்மா" என்று கத்திவிட்டு அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அடுத்த வேகத்தடைக்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டான். இதை இங்கிலாந்தில் ஒரு ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனைக்கு வயிற்றுவலியோடு வந்தவர்களில், வழியில் வேகத்தடைகளைத் தாண்டி வந்த 64 பேரிடம் அப்போது வலி கூடியதா என்று கேட்டார்கள். 2012இல் முடிவுகள் வெளியாயின. அப்பெண்டிக்ஸ் என்று உறுதியான 34 பேரில் 33 பேர் ஆமாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அப்பெண்டிக்ஸ் இல்லாத 30 பேரிலும் 21 பேருக்கு வலி கூடியிருந்தது. அதாவது, வேகத்தடையில் வலித்தால் அப்பெண்டிக்ஸ்தான் என்று முடிவு கட்ட முடியாது. சுத்தமாக வலிக்கவில்லை என்றால் அப்பெண்டிக்ஸாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு அது. குதித்துப் பார்ப்பதற்கும் வேகத்தடைக்கும் காரணம் ஒன்றுதான் என்பதால் இங்கே சொல்கிறேன்.

காய்ச்சலை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. "காய்ச்சலே இல்லை, அதனால் பயப்பட வேண்டியதில்லை" என்று காத்திருப்பார்கள். முதல் நாளில் காய்ச்சல் இல்லாமலே இருக்கலாம், அல்லது 99, 100 என்று லேசாக இருக்கலாம். 102, 103 என்று ஏறுவது பெரும்பாலும் குடல்வால் உடைந்த பிறகு. அதிகக் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருப்பது அது உடையட்டும் என்று காத்திருப்பது மாதிரி.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இந்தத் தகவல்களையெல்லாம் மதிப்பெண்ணாகக் கூட்டிப் பார்க்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 2002இல் மதன் சாமுவேல் என்ற மருத்துவர் குழந்தைகளுக்காகவே வகுத்தது. மொத்தம் பத்து மதிப்பெண். வலது கீழ்வயிற்றை அழுத்தினால் வலித்தால் இரண்டு, இருமினாலோ குதித்தாலோ தட்டினாலோ அங்கே வலித்தால் இரண்டு. வலி இடம் மாறியது, பசியின்மை, குமட்டல் அல்லது வாந்தி, காய்ச்சல் இவற்றுக்கு ஒவ்வொன்று. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் பத்தாயிரத்தைத் தாண்டினால் ஒன்று, அதில் நியூட்ரோபில் என்ற வகை கூடியிருந்தால் ஒன்று. அக்கா மகனுக்குக் காய்ச்சல் மதிப்பெண் கிடைக்கவில்லை. 100.4 டிகிரி இருந்தால்தான் அது சேரும். மற்றதெல்லாம் சேர்ந்து ரத்தம் எடுப்பதற்கு முன்னாலேயே ஏழு. வெள்ளணுக்கள் பதினைந்தாயிரத்துக்கு மேல், நியூட்ரோபிலும் கூடுதல், ஆக ஒன்பது. ஸ்கேனில் குடல்வால் ஒன்பது மில்லிமீட்டர் தடிமன். ஆறைத் தாண்டினாலே சந்தேகம், அதுவும் ஸ்கேன் கருவியால் அழுத்தும்போது அமுங்காமல் நின்றால் சந்தேகம் வலுக்கும். வாய்ப்பக்கத்தில் ஒரு சின்னக் கல்லும் தெரிந்தது. மதியம் ஒரு மணிக்கு ஆபரேஷன். வலி ஆரம்பித்து இருபது மணி நேரம். குடல்வால் சிவந்து தடித்திருந்தது, உடையவில்லை. லேப்ராஸ்கோப்பில் எடுத்துவிட்டு, இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இது பாடத்தில் எழுதியிருக்கிற மாதிரியே வந்த நோய். எல்லாக் குழந்தைக்கும் இப்படி வரிசையாக வந்துவிடாது. வலி தொப்புளிலிருந்து வலது பக்கம் இறங்கும் கதை ஏறக்குறைய பாதிக் குழந்தைகளிடம்தான் தெளிவாகக் கிடைக்கும். அதற்கு ஒரு காரணம், குடல்வாலின் அடி ஓரிடத்தில் இருந்தாலும் அதன் நுனி எந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பது. பெருங்குடலுக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தால் முன்பக்கம் அழுத்தும்போது பெரிதாக வலிக்காது. வலி விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் தெரியும். வலது காலைப் பின்னால் நீட்டினால் வலிக்கும், நொண்டி நடக்கும். இடுப்புக்குழிக்குள் இறங்கியிருந்தால் இன்னும் ஏமாற்றும். அது மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் உரசுவதால், குழந்தை அடிக்கடி வெளிக்குப் போக வேண்டும் என்னும், போனால் கொஞ்சமே கொஞ்சம் சளி மாதிரிப் போகும். சிறுநீர் போகும்போது வலிக்கிறது என்றும் சொல்லும்.

எனக்கு மறக்க முடியாத ஒரு சின்னப் பெண் இப்படித்தான் வந்தாள். நான்கு வயது. வியாழக்கிழமை வயிற்றுவலி, அன்று ராத்திரி வாந்தி. வெள்ளிக்கிழமை நாலைந்து தடவை பேதி. வயிற்றுப்போக்கு என்று சொல்லி மருந்தும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா எங்களிடம் சொன்ன விவரம் இது: ஒவ்வொரு தடவையும் போனது ஒரு ஸ்பூன் அளவுதான். தண்ணீராகக் கொட்டும் பேதியா, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சளி போகிறதா என்ற வித்தியாசத்தை அதுவரைக்கும் யாரும் அவளிடம் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை குழந்தை திடீரென்று "வலி போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு இரண்டு வாய் இட்லி சாப்பிட்டாளாம். வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. சாயங்காலம் 103 டிகிரி காய்ச்சல், வயிறு பானை மாதிரி உப்பி, எங்கே தொட்டாலும் அழுகை. எங்களிடம் வந்தபோது வயிறு முழுக்கச் சீழ். ஆபரேஷன், குழாய் வைத்துச் சீழ் எடுத்தது, நரம்பு வழியாக மருந்து என்று பதினோரு நாள் வார்டில் இருந்தாள். பிழைத்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமைக் காலையைப் பற்றித்தான் நான் பார்க்கிற அம்மாக்களிடமெல்லாம் பேசுகிறேன். ஊதிப்போன குழாய் உடைந்ததும் உள்ளே இருந்த அழுத்தம் இறங்கிவிடும். அதனால் சில மணி நேரத்துக்கு வலி குறைந்த மாதிரி இருக்கும். பிறகு சீழ் பரவியதும் வயிறு முழுக்க வலிக்க ஆரம்பிக்கும், காய்ச்சல் ஏறும். மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்த வலி ஒரேயடியாகப் போய்விட்டது, ஆனால் குழந்தை தெம்பாக எழுந்து ஓடவில்லை, முகம் வாடியே இருக்கிறது என்றால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. உண்மையிலேயே குணமான குழந்தை சாப்பாடு கேட்கும், குதிக்கும், சண்டை போடும்.

ஐந்து வயதுக்குக் கீழே இந்த நோய் குறைவாகத்தான் வரும். பள்ளிக்கூடம் போகும் வயதிலும் பத்து வயதுக்கு மேலும்தான் அதிகம். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு வரும்போது பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே உடைந்துவிடுகிறது. அவர்களுக்கு வலி எங்கே என்று சொல்லத் தெரியாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தொண்டை வலித்தாலும் தொப்புளைத்தான் காட்டும். பெரியவர்களுக்குக் குடலின் முன்னால் திரை மாதிரித் தொங்கும் கொழுப்பு மடிப்பு ஒன்று, புண்ணான இடத்தில் போய் ஒட்டிச் சீழ் பரவாமல் தடுக்கப் பார்க்கும். சின்னக் குழந்தைக்கு அது இன்னும் மெலிசாக, குட்டையாக இருப்பதால் அந்தக் காவலும் இல்லை. பெரிய குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றரை நாள், இரண்டு நாள் தாண்டும்போது உடைகிற வாய்ப்பு வேகமாகக் கூடுகிறது. சின்னவர்களுக்கு அதற்கு முன்னாலேயே நடக்கலாம். அதனால் இவர்களிடம் பேச்சை விட நடத்தையைத்தான் பார்க்க வேண்டும். தூக்கினால் அழுகிறதா, டயப்பர் மாற்றக் காலைத் தூக்கினால் வீரிடுகிறதா, தவழ்கிற, நடக்கிற குழந்தை அசையாமல் கிடக்கிறதா, வயிற்றைத் தொட விடாமல் கையைத் தட்டிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றில் கை வைக்கும்போது உங்கள் கை சூடாக இருக்கட்டும், குழந்தையின் பார்வை வேறெங்காவது இருக்கட்டும். முதலில் வலிக்காது என்று தோன்றும் இடது பக்கத்திலிருந்து மெதுவாக ஆரம்பித்து, கடைசியாக வலது கீழ்ப்பக்கம் வர வேண்டும். குழந்தையின் வாயைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். "வலிக்கல" என்று சொல்லிக்கொண்டே முகம் சுளித்தால் வலிக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பையன்கள் விஷயத்தில் ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். அடிவயிறு வலிக்கிறது என்று சொல்லும் பையனின் உள்ளாடையைக் கழற்றி விதைகளையும் பார்க்க வேண்டும். விதை முறுக்கிக்கொண்டாலும் வலி அடிவயிற்றில் தெரியும், வெட்கப்பட்டுப் பையன் சொல்ல மாட்டான். ஒரு பக்கம் வீங்கியோ மேலே ஏறியோ சிவந்தோ இருந்தால் நேரம் மிகக் குறைவு. ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு.

வீட்டில் செய்கிற வைத்தியங்களில் சிலவற்றை நான் பெரிதாக எதிர்க்க மாட்டேன். தொப்புளில் பெருங்காயம் பூசினால் கெடுதல் எதுவும் இல்லை, அதைப் பூசிவிட்டு நேரத்தைப் போக்காமல் இருந்தால் சரி. விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா இவை மூன்றும் வேறு மாதிரி. மலச்சிக்கல் என்று நினைத்து இவற்றைக் கொடுத்தால் குடல் வேகமாகச் சுருங்கி விரியும். ஊதி, அழுகி நிற்கும் குழாய் உடைவதற்கு அது துணைபோகலாம். குடல் ஏற்றம் என்று எண்ணெய் போட்டு வயிற்றை அழுத்தி நீவுவதும் அப்படித்தான். அக்காவின் மாமியார் பேரன்மேல் உள்ள பாசத்தில்தான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்திருந்தார். நான் போனில் விளக்கிச் சொன்னதும், எதுவும் பேசாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக டவலும் துணியும் மடித்து வைத்தார் என்று அக்கா சொன்னாள்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதும் ஆபத்துதான். நோயைத் தீர்க்காமல் அறிகுறிகளை மட்டும் மழுங்கடித்துவிடும், அப்புறம் டாக்டருக்குக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். வலி மாத்திரை பற்றி ஒரு பயம் உண்டு, கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று. குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால் ஒரு தடவை கொடுப்பதால் டாக்டர் நோயைத் தவறவிட மாட்டார். கொடுத்த நேரத்தை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரைக்கு வலி கொஞ்சம் அடங்கியதும் ஆஸ்பத்திரிப் பயணத்தை ரத்து செய்துவிடுவதுதான் தவறு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப முடிவு செய்துவிட்டால் சாப்பாடும் பாலும் கொடுக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுக்கச் சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டான் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளலாம்.

எந்த அளவுக்கு வந்தால் கிளம்ப வேண்டும் என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். ஆறு மணி நேரத்துக்கு மேலாகக் குறையாமல் ஏறிக்கொண்டே இருக்கும் வலி, வலது கீழ்ப்பக்கம் போய் நிற்கும் வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, குதிக்கவோ நிமிர்ந்து நடக்கவோ விடாத வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாந்தி பச்சையாக வந்தால், வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தால் அல்லது உப்பியிருந்தால், குழந்தை துவண்டு போனால், மலத்தில் ரத்தம் வந்தால், யோசிக்கவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள். இவையெல்லாம் அப்பெண்டிக்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வேறு என்னவாக இருந்தாலும் அவசரம்தான். போகும் இடத்தில் ஸ்கேனும் அறுவைச் சிகிச்சை நிபுணரும் இருக்கிறார்களா என்று முதலிலேயே விசாரித்துக்கொண்டால், ஒரு கிளினிக்கிலிருந்து இன்னொன்றுக்கு அலைவது மிச்சமாகும்.

ஸ்கேனைப் பற்றி ஒரு குழப்பத்தை நான் வார்டில் வாராவாரம் பார்க்கிறேன். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு சிஸ்டர்" என்று ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். வாங்கிப் படித்தால் குடல்வால் தென்படவில்லை என்று எழுதியிருக்கும். குடல்வாலைப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது என்பது ஒன்று. தேடினோம், கண்ணில் படவில்லை என்பது வேறு. குடலில் காற்று நிறைய இருந்தாலோ, குழந்தை அழுதுகொண்டே இருந்தாலோ, குடல்வால் பின்னால் ஒளிந்திருந்தாலோ நல்ல அனுபவசாலிக்கும் அது கிடைக்காது. ஸ்கேன் எடுத்தவரிடமோ டாக்டரிடமோ இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "குடல்வாலை முழுசாப் பார்த்தீங்களா?" இல்லை என்று பதில் வந்தால், ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ரத்தமும் ஸ்கேனும் மறுபடி எடுப்பார்கள். அப்பெண்டிக்ஸாக இருந்தால் அந்த இடைவெளியில் வலி இன்னும் தெளிவாகும். இல்லையென்றால் பெரும்பாலும் குறைந்துவிடும். சிலரை அதற்காக அட்மிட் செய்து வைப்பார்கள். "சும்மா படுக்க வெச்சிருக்காங்க" என்று சில அப்பாக்கள் கோபப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு மனது பதைக்கும். அந்தப் படுக்கையில் நடப்பதும் பரிசோதனைதான், நேரத்தை வைத்துச் செய்கிற பரிசோதனை.

சந்தேகம் குறைவு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும், அன்று ராத்திரி இரண்டு தடவையாவது குழந்தையைப் பார்க்க வேண்டும். நான் என் வார்டிலிருந்து போகிற ஒவ்வொரு அம்மாவின் சீட்டின் பின்பக்கமும் கையால் நான்கு வரி எழுதிக் கொடுப்பேன். வலி கூடினாலோ வலது பக்கம் போய் நின்றாலோ திரும்பி வாருங்கள். வாந்தி நிற்காவிட்டால் வாருங்கள். காய்ச்சல் புதிதாக வந்தால் வாருங்கள். காலையில் எழுப்பி ஒரு தடவை குதிக்கச் சொல்லுங்கள், குதிக்க மாட்டேன் என்றால் உடனே வாருங்கள்.